சிறு சாயப்பட்டறைத் திட்ட அறிக்கையில் கழிவுப் பகுதியை எழுதும் முறை: நிறத்தை விட்டு உப்பிலிருந்து தொடங்குங்கள்

வங்கிக் கடனுக்காகவோ, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்காகவோ சாயப்பட்டறைத் திட்ட அறிக்கை தயாரிக்கும்போது, பெரும்பாலானவர்கள் கழிவுப் பகுதியைக் கடைசியில் எழுதுகிறார்கள். இயந்திரங்களையும் கட்டடத்தையும் உற்பத்தியையும் முடிவு செய்துவிட்டு, "கழிவுநீர் உரிய முறையில் சுத்திகரிக்கப்படும்" என்று ஒரு பக்கம் சேர்த்துவிடுவார்கள். ஆனால் நிலம், பாய்லர், மாத விறகுச் செலவு, ஒரு கிலோ துணிக்கு வாங்க வேண்டிய கூலி எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தப் பகுதிதான். அதனால் இதை முதலில் எழுத வேண்டும். இதற்குள்ளும் முதலில் எழுத வேண்டியது உப்புக் கணக்கு.

இந்த வழிகாட்டி திருப்பூர் வட்டாரத்துப் பட்டறையை மனதில் வைத்து எழுதியது. பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம், நாளுக்கு 1,000 கிலோ. கூடவே பிக்மென்ட் பிரிண்டிங் செய்யும் சில டேபிள்கள். மாதம் 25 நாள் வேலை. உங்கள் பட்டறை அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் வழி அதேதான்.

ஏன் உப்பு?

சாயக்கழிவு என்றதும் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடும் நீர்தான் கண்ணுக்கு வருகிறது. நிறத்தை எடுப்பது அவ்வளவு கடினம் அல்ல. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டாலே பெரும்பகுதி படிந்துவிடும், மிச்சத்தை பாக்டீரியா தொட்டியும் மெம்பரேனும் பார்த்துக்கொள்ளும். சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பு அப்படிப் படியாது, எந்த பாக்டீரியாவும் அதைத் தின்னாது. நீரில் கரைந்த உப்பை வெளியே எடுக்க மெம்பரேனில் அழுத்தித் தள்ள வேண்டும், அல்லது நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். சாயக்கழிவுச் சுத்திகரிப்பில் பணம் போவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு கெட்டதும் உப்பால்தான். அதன் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு நீர் தருவதற்குப் பதிலாக சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகள் கழிவை வெளியே விடாத பூஜ்ஜிய வெளியேற்ற நிலையை அடைய வேண்டும் என்று கெடு வைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு இந்த வட்டாரத்தில் எழுதும் எந்தத் திட்ட அறிக்கையிலும் "சுத்திகரித்து வெளியேற்றப்படும்" என்ற வாக்கியத்துக்கு இடமில்லை. ஒரு சொட்டும் வெளியே போகாது என்றால், உள்ளே வந்த உப்பு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் அறிக்கையின் வேலை.

முதல் படி: இடமும் இசைவாணையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இடம் தவறாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். தமிழக அரசின் 1989-ஆம் ஆண்டு அரசாணை 213, குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசு உண்டாக்கும் தொழில்களைத் தடை செய்கிறது. 1998-ஆம் ஆண்டு அரசாணை 127 காவிரி, அதன் துணை ஆறுகள், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டராக்கியது. நொய்யலும் அமராவதியும் காவிரியின் துணை ஆறுகள். ஆகவே நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள்.

சாயப்பட்டறை, மாசு அதிகம் உண்டாக்கும் சிவப்புப் பிரிவுத் தொழில். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படியும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டப்படியும் முதலில் நிறுவுவதற்கான இசைவாணை, கட்டி முடித்த பிறகு இயக்குவதற்கான இசைவாணை என்று இரண்டு கட்டம். நிறுவும் இசைவாணை கைக்கு வராமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. ஏற்கெனவே இசைவாணை உள்ள பழைய பட்டறையை வாங்குகிறீர்கள் என்றால், பெயர் மாற்றத்தோடு வேலை முடிந்துவிடாது. அந்த இசைவாணையில் எத்தனை கிலோ துணி, எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. விற்பவர் "நாளுக்கு 2 டன் ஓட்டலாம்" என்று சொல்வது இயந்திரத்தைப் பற்றியது. இசைவாணை 800 கிலோவுக்கு இருந்தால் 800 கிலோதான்.

இரண்டாம் படி: நீர்க் கணக்கு

ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் நீர் நிரப்புவதுதான் 1:6 பாத். பல அறிக்கைகளில் "1:6 பாத், பத்து தடவை நிரப்பல், ஆகவே கிலோவுக்கு 60 லிட்டர்" என்று எழுதியிருக்கும். இது சரியல்ல. முதல் பாத்தில்தான் துணி உலர்ந்து இருக்கிறது. ஒருமுறை வடித்த பிறகும் பருத்தித் துணி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாவது பாத்திலிருந்து கிலோவுக்கு 6 லிட்டர் தேவைப்படாது, மூன்றரை லிட்டர் போதும்.

நம் 1,000 கிலோவுக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நிரப்பல் 6 கிலோலிட்டர். பிறகு ஒன்பது நிரப்பல், ஒவ்வொன்றும் மூன்றரை, மொத்தம் 31.5. கூட்டினால் 37.5 கிலோலிட்டர். இயந்திரம் கழுவுவதற்கும், ஷேடு தப்பித் திரும்ப ஓட்டும் துணிக்கும் ஏழரை கிலோலிட்டர் வைக்கலாம். பிரிண்டிங் பக்கம் ஸ்க்ரீன் கழுவ ஒன்றரை, கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரின் ரீஜெனரேஷனுக்கு ஒன்று, பாய்லர் புளோடவுனுக்கு அரை. ஆகக் கழிவுநீர் 48 கிலோலிட்டர். துணியோடு டிரையருக்குப் போவது, நீராவிக் கசிவு இவற்றுக்கு 2 கிலோலிட்டர் சேர்த்தால் பட்டறைக்குள் போகும் நீர் நாளுக்கு 50 கிலோலிட்டர். கழிப்பறை நீர் தனி, அதை இதில் கலக்காமல் செப்டிக் தொட்டிக்குக் காட்டிவிடுங்கள்.

இது துணியை முழுவதும் வடித்து நிரப்பும் முறைக்கான கணக்கு. உங்கள் மாஸ்டர் நீரை வழியவிட்டு அலசும் ஓவர்ஃப்ளோ வாஷ் செய்பவராக இருந்தால் நீர் இதைவிட நிறையப் போகும். இயந்திரத்துக்கு மீட்டர் வைத்து ஒரு வாரம் அளந்து, அந்த எண்ணை எழுதுவது நல்லது.

மூன்றாம் படி: உப்புக் கணக்கு

நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று வைத்தால், 6,000 லிட்டர் சாய பாத்துக்கு 300 கிலோ. சோடா ஆஷ் லிட்டருக்கு 15 கிராம், 90 கிலோ. பிளீச்சிங்கில் போகும் காஸ்டிக், அமிலம், மற்றவை சேர்ந்து 30 கிலோ. புதிதாக எடுக்கும் போர் நீரிலும் உப்பு வரும், அதற்கு 10 கிலோ. மொத்தம் நாளுக்கு 430 கிலோ.

இந்த எண்ணை அறிக்கையில் பெரிதாக எழுதுங்கள். மாதத்துக்கு இது பத்தே முக்கால் டன். சாயம் துணியில் ஏறுகிறது, உப்பு ஏறுவதில்லை. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிட்டு முழுவதும் நீரிலேயே திரும்பிவிடும். மூட்டை மூட்டையாக வாங்கிய உப்பு அவ்வளவும் இன்னொரு வடிவத்தில் உங்கள் கையில் மிஞ்சும்.

இது எந்த பாத்தில் வெளியே வருகிறது என்று பார்ப்போம். சாய பாத்தில் உப்பும் சோடாவுமாக 390 கிலோ, 6 கிலோலிட்டரில் கரைந்திருக்கிறது, லிட்டருக்கு 65 கிராம். வடித்தால் மூன்றரை கிலோலிட்டர்தான் வரும், அதில் 227 கிலோ. மிச்சம் இரண்டரை கிலோலிட்டர் துணியில் இருக்கிறது. முதல் அலசலில் அது புது நீரோடு கலந்து லிட்டருக்கு 27 கிராமாகக் குறையும். வடிக்கும்போது மேலும் 95 கிலோ வெளியே வரும். இந்த இரண்டு வடிப்பிலுமாக 7 கிலோலிட்டரில் 322 கிலோ. அதாவது சாய பாத்தில் போட்டதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்.

இதனால்தான் "சாய பாத் தனி, அலசல் நீர் தனி" என்று மட்டும் எழுதுவது போதாது என்கிறேன். சாய பாத்தை மட்டும் பிரித்தால் உப்பில் நாற்பது சதவீதம் அலசல் பக்கம் போய்விடும், மெம்பரேன் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாய பாத் போகும் தனி உப்புக் குழாய்க்கு முதல் அலசலையும் திருப்பினால், மீதி 41 கிலோலிட்டரில் 108 கிலோதான் மிஞ்சும். கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். லிட்டருக்கு ஏறக்குறைய 2,600 மில்லிகிராம். அது ஆர்.ஓ.வுக்குச் சுலபமான நீர்.

செய்முறையில் இதற்கு ஒவ்வொரு இயந்திரத்தின் வடிகாலிலும் இரண்டு வால்வும் இரண்டு குழாயும் தேவை. எது எப்போது திறக்க வேண்டும் என்பதை ஆப்பரேட்டர் நினைவில் விட்டுவிடாமல், இயந்திர நிரலிலேயே போட்டுவிடுங்கள். இரவு ஷிஃப்டில் கைவால்வு பெரும்பாலும் ஒரே பக்கம் திறந்தே கிடக்கும். அலசல் தொட்டியில் கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்று இருந்தால், எந்த மணிக்குத் தவறாகத் திறந்தார்கள் என்பது எண் குதிப்பதிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் படி: நீர் திரும்பும் வழி

அலசல் நீர் 41 கிலோலிட்டரும் பஞ்சு வடிகட்டி, சமன் தொட்டி, காற்றூட்டும் பாக்டீரியா தொட்டி, தெளிவிக்கும் தொட்டி, அல்ட்ரா ஃபில்டர் வழியாக ஆர்.ஓ.வுக்குப் போகும். 85 சதவீத மீட்பு என்று எடுத்தால் 35 கிலோலிட்டர் நல்ல நீராகத் திரும்பும், 6 கிலோலிட்டர் உப்பு மிகுந்த ரிஜெக்ட். ரிஜெக்டும் உப்புக் குழாய் நீர் 7 கிலோலிட்டரும் சேர்ந்து 13 கிலோலிட்டர் எவாப்பரேட்டருக்கு. அதில் 11 கிலோலிட்டர் வடிநீராகத் திரும்பும் என்று வைப்போம்.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்து ஆர்.ஓ.வில் விட்டால் என்ன என்று கேட்பார்கள். எவாப்பரேட்டருக்குப் போகும் அளவு பெரிதாக மாறிவிடாது என்பது உண்மை. ஆனால் 48 கிலோலிட்டரும் 9,000 டி.டி.எஸ்.ஸில் வரும், அதோடு முழு நிறமும் வரும். அழுத்தம் கூட வேண்டும், மெம்பரேன் சீக்கிரம் அடைக்கும். உப்பை மீட்டு மறுபடி சாயத்துக்கு எடுக்கும் வாய்ப்பும் குறைந்துவிடும்.

இப்போது விறகுக் கணக்கு. பல எஃபெக்ட் எவாப்பரேட்டர் ஒரு டன் நீரை ஆவியாக்க மூன்றில் ஒரு பங்கு டன் நீராவி எடுக்கும் என்றால், 13 கிலோலிட்டருக்கு 4.3 டன் நீராவி. ஒரு கிலோ விறகு மூன்றரை கிலோ நீராவி தரும் என்று வைத்தால் நாளுக்கு ஒன்றேகால் டன் விறகு, சாயத்துக்குச் செலவாகும் நீராவி இதில் சேராது. பாய்லர் அளவைச் சாயத்துக்கு மட்டும் பார்த்து முடிவு செய்த பட்டறைகளில் எவாப்பரேட்டரும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓட முடியாமல் போவது இதனால்தான். அழுத்தம் குறையும்போது முதலில் நிறுத்துவது எவாப்பரேட்டரைத்தான், அங்கிருந்துதான் தொட்டிகள் நிரம்ப ஆரம்பிக்கின்றன.

விறகு செலவுக்குப் பயந்து "சோலார் பான்" போடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் பரப்பளவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நாளுக்கு நான்கரை மில்லிமீட்டர் ஆவியாகும் என்றாலும் 13 கிலோலிட்டருக்குக் கிட்டத்தட்ட 2,900 சதுர மீட்டர், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது பான் ஆவியாக்காது, நிரம்பி வழியும்.

அதிகாரி முதலில் பார்க்கும் எண் எது தெரியுமா? புது நீர். உள்ளே போவது 50, எவாப்பரேட்டரின் கூலிங் டவரில் ஆவியாவது 3, மொத்தத் தேவை 53. திரும்புவது 35-உம் 11-உம், 46. ஆகப் புது நீர் 7 கிலோலிட்டர் போதும். போர் நீரின் டி.டி.எஸ். 1,500 என்றால் அதில் வரும் உப்புதான் மேலே சொன்ன 10 கிலோ. அறிக்கையில் நாளுக்கு 25 கிலோலிட்டர் புது நீர் வேண்டும் என்று எழுதிவிட்டு, கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாது என்றும் எழுதினால், மீதி 18 கிலோலிட்டர் எங்கே போகிறது என்ற கேள்வி வரும். டேங்கர் லாரி ரசீதுகளும் அதே கேள்வியைக் கேட்கும்.

பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தால்

திருப்பூரில் சிறிய பட்டறைக்கு இதுவே நடைமுறையான வழி என்பது என் கருத்து. 13 கிலோலிட்டருக்காகத் தனி எவாப்பரேட்டர் வைத்து, அதற்கு ஆள் வைத்து, மூன்று ஷிஃப்டும் ஓட்டுவது ஒரு டன் பட்டறைக்குப் பெரிய சுமை. பொது நிலையத்தில் உங்கள் கழிவுநீர் குழாயில் போகும், ஆர்.ஓ. நீரும் சில இடங்களில் உப்புக் கரைசலும் திரும்பி வரும்.

ஆனால் அறிக்கை எழுதும் வேலை இதனால் குறைந்துவிடாது. உங்களுக்கு ஒதுக்கிய கிலோலிட்டர் எவ்வளவு என்ற கடிதம் இணைப்பில் இருக்க வேண்டும். 48 தேவை, ஒதுக்கீடு 40 என்றால் உற்பத்தி எண்ணை 830 கிலோவுக்குக் குறைத்து எழுதுங்கள். நிலையம் எத்தனை டி.டி.எஸ். வரை ஏற்கும், சாய பாத்தையும் அலசலையும் தனித்தனியாக வாங்குமா, நிலையம் பராமரிப்புக்கு நிற்கும் நாளில் உங்களுக்கு என்ன உத்தரவு என்பதையும் எழுத வேண்டும். அனுப்பும் குழாயில் மின்காந்த ஓட்டமானி, திரும்பும் குழாயில் இன்னொன்று. உப்புக் கணக்கு அப்போதும் உங்களுடையதே, ஏனென்றால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கிலோ உப்புக்கும் விறகு எரிக்கும் செலவு கட்டணமாக உங்களிடமே வரும்.

உப்பை மீட்பது பற்றி ஒரு எச்சரிக்கை

திட்ட அறிக்கைகளில் "90 சதவீத உப்பு மீட்கப்பட்டு மறுபயன்பாடு" என்று சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். அது நடக்க வேண்டுமென்றால் பட்டறை முழுவதும் ஒரே உப்பாக இருக்க வேண்டும். சாயத்துக்கு சோடியம் சல்ஃபேட், சாஃப்ட்னருக்குச் சாதாரண உப்பு, நடுநிலையாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று மூன்று பக்கமும் இழுத்தால், எவாப்பரேட்டரிலிருந்து வருவது சல்ஃபேட்டும் குளோரைடும் கலந்த, எளிதில் பிரிக்க முடியாத கலவை உப்பு. அதை யாரும் சாயத்துக்கு எடுக்க மாட்டார்கள். சல்ஃபேட் என்று முடிவு செய்தால் அமிலமும் கந்தக அமிலமாக இருக்கட்டும். சாஃப்ட்னர் ரீஜெனரேஷன் நீரை உப்புக் குழாய்ப் பக்கம் விடாதீர்கள். அதில் கால்சியமும் இருக்கிறது, சல்ஃபேட்டோடு சேர்ந்து எவாப்பரேட்டர் குழாயில் ஜிப்சமாகப் படியும்.

இன்னொன்று, மீட்ட உப்புக் கரைசலில் சோடா மிச்சம் இருக்கும். அதை அப்படியே சாயத்துக்கு எடுத்தால் பி.எச். ஆரம்பத்திலேயே ஏறி, சாயம் சீராகப் பரவுவதற்கு முன்பே துணியைப் பிடித்துவிடும். ஷேடு திட்டுத் திட்டாக வரும். பழி உப்பின் மேல் விழுந்து, மாஸ்டர் மறுநாளே புது உப்புக்குப் போய்விடுவார். அதனால் நடுநிலையாக்கும் தொட்டியையும் பி.எச்., கடினத்தன்மை சோதனையையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். மீட்பு சதவீதத்துக்கு, இயந்திரம் விற்பவர் எழுத்தில் உத்தரவாதம் தரும் எண்ணை மட்டும் போடுங்கள்.

ஐந்தாம் படி: பிரிண்டிங் பக்கம்

பிக்மென்ட் பிரிண்டிங்கில் துணியை அலசுவதில்லை, அதனால் "பிரிண்டிங்கில் கழிவு இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்க்ரீனும் ஸ்க்வீஜியும் வாளியும் கழுவும் நீர் ஒன்றரை கிலோலிட்டர்தான், ஆனால் தொந்தரவு அதிகம். அதில் இருக்கும் அக்ரிலிக் பைண்டர், துணியில் பசை போல ஒட்டுவதற்காகவே செய்த பொருள். அது அல்ட்ரா ஃபில்டர் மெம்பரேனிலும் அப்படியே ஒட்டும். பிரிண்டிங் நீரைச் சாயக்கழிவோடு நேராகக் கலந்த இடங்களில் மெம்பரேன் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும், கழுவினாலும் பழைய நிலைக்கு வராது. அப்படிக் கண்டால் முதலில் பிரிண்டிங் வடிகாலைப் பாருங்கள்.

வழி எளிது. ஸ்க்ரீனில் மிஞ்சிய பேஸ்ட்டை நீர் படுவதற்கு முன் வழித்து டப்பாவில் எடுங்கள். நல்லதாக இருந்தால் கறுப்புக்கோ அடர் நிறத்துக்கோ கலந்துவிடலாம். கழுவும் நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, படிகாரம் போட்டு பைண்டரைப் படியவைத்து, தெளிந்த நீரை மட்டும் சமன் தொட்டிக்கு அனுப்புங்கள். எவ்வளவு படிகாரம் என்பதை உங்கள் பேஸ்ட்டிலேயே ஜார் டெஸ்ட் செய்து பார்த்து எழுதுங்கள். பிளாஸ்டிசால் இங்க் ஓட்டுபவர்கள் கரைப்பானில் துடைத்த துணிகளைக் குப்பையோடு போடக் கூடாது, அது அபாயகரக் கழிவுப் பட்டியலில் வருகிறது.

ஆறாம் படி: திடக்கழிவும் கொட்டகையும்

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் சுத்திகரிப்பு நிலைய ஸ்லட்ஜ் 35.3, ஆவியாக்கி மிஞ்சும் உப்பு 37.3, ரசாயனம் பட்ட காலி டிரம் 33.1, கரைப்பான் துணி 33.2, பழைய ஆயில் 5.1. இந்த எண்களோடும் ஆண்டு அளவோடும் படிவம் 1-இல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஸ்லட்ஜ் அளவு நீங்கள் எவ்வளவு சுண்ணாம்பும் ஃபெரஸும் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் பட்டறைக்கு ஈரத்தோடு நாளுக்கு 100 கிலோ என்று வைத்தால் மாதம் இரண்டரை டன். பாக்டீரியா தொட்டியை நன்றாக ஓட்டி, ரசாயனத்தைக் கடைசித் தேவைக்கு மட்டும் வைத்தால் இது குறையும்.

கொட்டகையின் அளவைத் தீர்மானிப்பது உப்புதான். விதிப்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சிறிய அளவினருக்கு 180 நாள் என்ற சலுகை ஆண்டுக்கு 10 டன் வரைதான், நமக்கு அது ஒரு மாதக் கணக்கு. மூன்று மாதத்துக்கு 32 டன், கன அளவில் 40 கன மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரம் அடுக்கினால் 27 சதுர மீட்டர், ஆள் நடக்கவும் வண்டி வரவும் சேர்த்து 40 சதுர மீட்டர். கூரை, மழைச் சாரல் படாத சுவர், கசியாத தரை, ஓரத்தில் வடிவதைப் பிடித்து உப்புத் தொட்டிக்கே திருப்பும் குழி. ஸ்லட்ஜுக்குத் தனித் தடுப்பு. இதை வரைபடத்திலேயே காட்டுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பட்டறைகளில் உப்பு மூட்டைகள் திறந்த வெளியில் அடுக்கப்பட்டு, முதல் மழையிலேயே கரைந்து மண்ணுக்குள் போய்விடுகின்றன. அத்தனை விறகு எரித்து எடுத்த உப்பு அது.

வெளியே அனுப்பும்போது ஸ்லட்ஜ் சிமென்ட் ஆலைக்குப் போகலாம், கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற பொதுக் கிடங்குக்கும் போகலாம். உப்பைச் சிமென்ட் ஆலை எடுக்காது, குளோரைடு அவர்களுக்கு ஆகாது. அதனால் உப்பை யார் எடுப்பார்கள், டன்னுக்கு என்ன கட்டணம் என்பதற்கு ஒப்பந்தக் கடிதம் வாங்கி அறிக்கையோடு வையுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 செல்ல வேண்டும்.

காற்றுப் பக்கம் அதிகம் இல்லை. விறகு பாய்லருக்குச் சாம்பல் பிடிக்கும் சைக்ளோனும் மாதிரி எடுக்க ஏணியோடு கூடிய புகைபோக்கியும் வேண்டும். ஜெனரேட்டர் புகைபோக்கிக்கு வாரியம் பார்க்கும் சூத்திரம் H = h + 0.2√KVA. 125 கே.வி.ஏ. என்றால் கட்டட உயரத்துக்கு மேல் இரண்டேகால் மீட்டர்.

ஏழாம் படி: நின்றுபோகும் நாளுக்கான பத்தி

எவாப்பரேட்டர் நிற்கும் நாள் எப்படியும் வரும். அறிகுறி முன்பே தெரியும்: அதே நீராவியில் குறைவாக ஆவியாகும், அல்லது வடிநீரின் கண்டக்டிவிட்டி ஏறும். முதலாவது என்றால் குழாயில் படிவு, இரண்டாவது என்றால் உப்பு நீராவியோடு தாவிப் போகிறது. சுத்தம் செய்ய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதற்கு 13 கிலோலிட்டர் வீதம் மூன்று நாளுக்கு 40 கிலோலிட்டர் காலியான உப்புத் தொட்டி, கசியாத பூச்சோடு, தரைக்கு மேலே இருக்க வேண்டும். தரைக்குக் கீழே தோண்டினால் கசிவது கண்ணில் படாது, பக்கத்துக் கிணறு உப்பாகும்போதுதான் தெரியும்.

தொட்டி பாதிக்கு மேல் ஏறினால் அடர் ஷேடு எடுக்கக் கூடாது, முக்காலுக்கு மேல் ஏறினால் சாயம் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும் என்று ஒரு விதி எழுதுங்கள். யார் நிறுத்துவது என்பதையும் எழுதுங்கள், அந்த அதிகாரம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்க்கும் இ.டி.பி. ஆப்பரேட்டரிடம் இருக்கட்டும். டெலிவரி நெருக்கும் நாளில் முதலாளி மட்டும் முடிவெடுத்தால் தொட்டி நிரம்பும் வரை ஓட்டத்தான் தோன்றும்.

எட்டாம் படி: பதிவேடு

தினமும் ஆறு எண்கள் போதும்: புது நீர், உப்புக் குழாய் நீர், அலசல் நீர், ஆர்.ஓ. நீர், வடிநீர், எவாப்பரேட்டரிலிருந்து எடுத்த உப்பின் எடை. மீட்டர் எண்களைக் கையால் எழுதுவதோடு, வாரியம் கேட்டால் ஆன்லைன் இணைப்பும் கேமராவும் வைக்கத் தொகை ஒதுக்கிவிடுங்கள்.

மாதக் கடைசியில் ஒரே ஒரு ஒப்பீடு செய்யுங்கள். அந்த மாதம் வாங்கிய உப்பு, சோடா பில்களோடு, மீட்டுத் திரும்பப் பயன்படுத்திய உப்பையும் கூட்டி, கொட்டகையில் ஏறிய உப்பும் மீட்டு எடுத்த உப்பும் அதற்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். உப்பில் ஈரம் இருக்கும், சோடா அமிலத்தோடு சேர்ந்து எடை மாறும், அதனால் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தே முக்கால் டன் உள்ளே போய் ஆறு டன்தான் வெளியே வந்தது என்றால், எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ வால்வைத் திறந்துவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருபவர் உங்கள் உப்பு பில்லையும் கொட்டகையையும் வைத்து இதே கணக்கைப் போட முடியும். நீங்கள் முதலில் போட்டு வைத்திருப்பது நல்லது.

அபாயகரக் கழிவுக்கான ஆண்டறிக்கை படிவம் 4, ஜூன் 30-க்குள். சுற்றுச்சூழல் அறிக்கை படிவம் 5, செப்டம்பர் 30-க்குள். இரண்டிலும் மேலே சொன்ன மாத ஒப்பீட்டின் கூட்டுத்தொகையையே எழுதுங்கள், வேறு எண் எழுதாதீர்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் தூரம் குறித்த வரைபடம், நீர்க் கணக்கு, உப்புக் கணக்கு, இரு குழாய் வரைபடம், கொட்டகை வரைபடம், பொது நிலையத்தின் ஒதுக்கீட்டுக் கடிதம் அல்லது எவாப்பரேட்டர் உத்தரவாதக் கடிதம், உப்பும் ஸ்லட்ஜும் எடுப்பவர்களின் ஒப்பந்தம் என்ற வரிசையில் வையுங்கள். செலவுப் பட்டியலில் விறகு, மெம்பரேன் மாற்றம், உப்பு அகற்றும் கட்டணம் மூன்றையும் கிலோ துணிக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டினால், ஜாப் ஒர்க் கூலி பேசும்போதும் அதே தாளை எடுத்துக்கொண்டு போகலாம்.